பதின்மூன்றரை பாரிலிருந்து ஒன்பதுக்கு: எஸ்பிரெசோ மெஷினின் ஓபிவியைத் திருப்பும்போது செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கோயம்புத்தூரில் இருக்கும் என் சித்தி மகன் போன வருஷம் பழைய காஜியா கிளாசிக் ஒன்றை வாங்கினான். ஐரோப்பாவிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் கொண்டுவந்த 230 வோல்ட் மெஷின். இரண்டு வாரம் கழித்து போன் செய்தான். "அண்ணா, எவ்வளவு பார்த்து அரைச்சாலும் ஒரு பக்கம் பிச்சுக்கிட்டு அடிக்குது. இன்னும் நைசா அரைச்சா சொட்டுச் சொட்டா நிக்குது, அப்புறம் திடீர்னு பொத்துக்கிட்டு வருது." அடித்தட்டு இல்லாத போர்ட்டாஃபில்டரில் அவன் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். கூடையின் நடுவில் பழுப்பு நிறத்தில் ஒழுக ஆரம்பிக்கிறது. எட்டாவது நொடியில் விளிம்போரம் ஒரு வெளிர் மஞ்சள் புள்ளி தோன்றுகிறது. அடுத்த நொடி அங்கிருந்து ஊசி போல ஒரு பீச்சல், கப்பைத் தாண்டி மேசையில் விழுகிறது. 16 கிராம் தூளுக்கு 32 கிராம் காபி 18 நொடியில் இறங்கிவிட்டது. குடித்தால் முதலில் புளிப்பு, பின்னால் கசப்பு.

இது அரைத்ததன் தவறாகவும் இருக்கலாம், அழுத்தம் அதிகமாக இருப்பதாலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் வேலையில் பாதி. இந்தப் பட்டியலை அவன் மெஷினில் நாங்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்த வேலையை வைத்தே எழுதுகிறேன்.

அதற்கு முன் வால்வைப் பற்றி நான்கு வரி. வீட்டு மெஷின்களில் இருப்பது பெரும்பாலும் வைப்ரேஷன் பம்ப். ஒரு காயிலுக்குள் இரும்புத் தண்டு ஒன்று ஸ்பிரிங்கின் மேல் ஆடுகிறது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 50 முறை தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீர் போக வழி இருந்தால் நிறையத் தள்ளும், அழுத்தம் ஏறாது. வழி அடைபட்டால் குறைவாகத் தள்ளும், அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பெட்டியில் போட்டிருக்கும் "15 பார்" என்பது பம்ப் முட்டி நிற்கும் இடம், காபிக்குத் தேவையான அளவு அல்ல. ஏறும் அழுத்தத்துக்கு ஓர் எல்லை வைப்பதுதான் ஓவர் பிரஷர் வால்வு, சுருக்கமாக ஓபிவி. ஒரு ஸ்பிரிங், அது அழுத்திப் பிடித்திருக்கும் ஓர் அடைப்பு, அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் பலத்தை மீறி அழுத்தம் வந்தால் அடைப்பு தூக்கிக்கொள்ளும், மிச்சத் தண்ணீர் ஒரு சிலிக்கான் குழாய் வழியே தொட்டிக்கே திரும்பும். அதனால் இதைத் தண்ணீரைக் குறைக்கும் குழாய்த் திருகாக நினைக்காதீர்கள். பம்பிலிருந்து கிளம்பும் தண்ணீரில் காபிக்கு எவ்வளவு, தொட்டிக்கு எவ்வளவு என்று பிரித்துவிடும் மடை இது.

காகித உறையில் வரும் பாட் காபிக்கும், அடியில் ஒரே ஒரு நுண்துளை உள்ள இரட்டைச் சுவர் கூடைக்கும் உயர்ந்த அழுத்தம் ஒத்துப்போகும். பல வீட்டு மெஷின்கள் அதற்காகவே உயர்த்தி வைக்கப்பட்டு வந்திருக்கின்றன. சாதாரணக் கூடையில், புதிதாக அரைத்த தூளை அழுத்தி வைத்து எடுப்பவருக்குத்தான் அது தொந்தரவு. அந்தத் தூள் வட்டைத்தான் பக் என்கிறோம். பதின்மூன்று பார் அதன் தலையில் ஏறினால் பக் இறுகி வழியை அடைக்கும். அடைபட்ட தண்ணீர் மெலிந்த இடத்தைத் தேடிப் பிளந்துகொண்டு போகும். அந்த ஒரு பிளவில் தூள் அளவுக்கு மேல் கரைந்து கசக்கும், மற்ற இடத்தில் பாதி கரையாமல் நின்று புளிக்கும். அவன் கப்பில் இருந்தது இந்த இரண்டும் கலந்த ருசி.

வால்வைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

திரும்பும் குழாயை முதலில் பாருங்கள். கிளாசிக்கில் தொட்டிக்குள் இரண்டு சிலிக்கான் குழாய்கள் இறங்குகின்றன. ஒன்று தண்ணீரை உறிஞ்சுவது, மற்றொன்று ஓபிவியிலிருந்து திரும்புவது. தொட்டியை உள்ளே தள்ளும்போது திரும்பும் குழாய் மடிந்து நசுங்கிப்போவது சகஜம். மடிந்தால் தண்ணீர் திரும்ப வழியில்லை, ஸ்பிரிங் சரியாகவே இருந்தாலும் அழுத்தம் ஏறும். தொட்டியைக் கொஞ்சம் வெளியே இழுத்து, பம்பை ஓடவிட்டு, இந்தக் குழாயின் வாயில் தண்ணீர் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. சிலருக்கு மொத்தப் பிரச்சினையும் இங்கேயே தீர்ந்துவிடும். அவன் மெஷினில் குழாய் நேராகத்தான் இருந்தது.

உப்புப் படிவைச் சந்தேகப்படுங்கள். போர் தண்ணீர் ஊற்றிய மெஷின் என்றால் வால்வின் அடைப்பில் சுண்ணாம்பு ஏறியிருக்கும். அது ஒட்டிக்கொண்டால் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. இடையில் ஒரு துகள் சிக்கினால் மூட வேண்டிய நேரத்தில் மூடாது. அந்த நிலையில் ஸ்பிரிங்கைத் திருப்பி ஒரு எண்ணைப் பிடித்தாலும் அடுத்த வாரம் அது மாறியிருக்கும். தயாரிப்பாளர் சொல்லும் உப்பு நீக்கியைப் போட்டு ஒரு சுற்றுக் கழுவிவிட்டு அதன் பிறகு அளவெடுங்கள். கிளாசிக்கின் பாய்லர் அலுமினியம் என்பதை மறக்க வேண்டாம். கையில் கிடைத்த அமிலத்தையெல்லாம் ஊற்றும் பாத்திரம் அல்ல அது.

பக் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வறுத்து மூன்று மாதமான கொட்டை, கூடையில் கட்டி கட்டியாக விழுந்த தூள், சாய்ந்து அழுத்திய டேம்பர், இவை மூன்றும் ஒன்பது பாரிலும் பீச்சியடிக்கும். இவனிடம் இருந்தது பத்து நாள் முன்பு வறுத்த ஏற்காடு அரபிக்கா. ஊசியால் கிளறி, கட்டி உடைத்து, மட்டமாக அழுத்தி, நான் கண்ணெதிரே பார்த்தபடி மூன்று முறை எடுத்தோம். மூன்றிலும் பீச்சல், மூன்றும் வேறு வேறு இடத்தில். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்திருந்தால் கூடையையோ கை சாய்வையோ சந்தேகப்பட்டிருப்பேன். இடம் மாறி மாறி வந்ததால்தான் கேஜை எடுத்தோம்.

கேஜ் வைத்து அளந்துவிட்டுத்தான் மூடியைக் கழற்றுங்கள். இதற்குச் சிறப்புக் கருவி தேடி அலைய வேண்டியதில்லை. கிளாசிக்கின் போர்ட்டாஃபில்டரில் காபி வடியும் மூக்கைத் திருகிக் கழற்றினால் உள்ளே இருப்பது 3/8 இஞ்ச் பிஎஸ்பி மரை. நம் ஊர்க் குழாய்க் கடைகளிலும் நியூமேட்டிக் சாமான் கடைகளிலும் புழங்குகிற அதே மரைதான். 0 முதல் 16 பார் வரை காட்டும், கிளிசரின் நிரப்பிய கேஜ் ஒன்று வாங்குங்கள். பம்பின் அதிர்வில் முள் நடுங்காமல் இருக்க அந்தக் கிளிசரின் உதவும். கேஜ்களில் பெரும்பாலும் கால் இஞ்ச் மரை இருக்கும், இடையில் ஒரு ரெடியூசர் புஷ் போட வேண்டும். முடிந்தால் ஒரு டீ பிட்டிங்கும் ஒரு நீடில் வால்வும் சேர்த்து வாங்குங்கள். அவை எதற்கு என்று அடுத்துச் சொல்கிறேன். மரைகளில் டெஃப்லான் டேப் மூன்று சுற்று போதும். இந்தப் பிட்டிங்குகள் குடிக்கும் பொருளுக்கானவை அல்ல. அளந்து முடித்ததும் கழற்றி, போர்ட்டாஃபில்டரை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

இரண்டு அளவு எடுங்கள், ஒன்று போதாது. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நீடில் வால்வை இறுக மூடிவிட்டு பம்பைப் போட்டால் தண்ணீர் எங்கும் போக முடியாது, பம்ப் தள்ளுவது முழுவதும் ஓபிவி வழியே திரும்புகிறது. அப்போது வருவது நிற்கும் அழுத்தம். காபி இறங்கும்போது நிலைமை வேறு. பம்ப் தள்ளும் தண்ணீரில் ஒரு பங்கு பக் வழியே கப்புக்குப் போய்விடுகிறது, ஓபிவி வழியே போவது குறைகிறது. குறைவான தண்ணீரை விடுவதற்கு அடைப்பு குறைவாகத் தூக்கினால் போதும், ஸ்பிரிங் குறைவாக நசுங்கும், அழுத்தமும் கொஞ்சம் கீழே நிற்கும். இதனால்தான் மூடிய கேஜில் தெரியும் எண்ணைவிட பக் பார்க்கும் அழுத்தம் சுமார் ஒரு பார் குறைவாக இருக்கிறது. மூடிய கேஜில் ஒன்பதைக் காட்டுமாறு வைத்தவர் உண்மையில் எட்டு பாரில் காபி எடுக்கிறார். அது தவறில்லை, ஆனால் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது அளவுக்கு நீடில் வால்வை மெல்லத் திறந்து, 30 நொடியில் 40 மில்லி தண்ணீர் கப்பில் விழுமாறு வைக்கிறோம். ஒரு டபுள் எஸ்பிரெசோ இறங்கும் வேகம் கிட்டத்தட்ட அதுதான். அப்போது கேஜ் காட்டுவதே பக் பார்க்கும் அழுத்தம். நீடில் வால்வு இல்லாதவர்கள் மூடிய கேஜில் பத்து பார் என்று வைத்துக்கொண்டால் ஒன்பதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

எங்களுக்கு முதலில் வந்தது மூடியபோது 13.5, ஒழுகவிட்டபோது 12.5. கூடவே திரும்பும் குழாயை ஓர் அளவுக் குவளைக்குள் விட்டு, மூடிய நிலையில் 30 நொடியில் எவ்வளவு திரும்புகிறது என்றும் பிடித்தோம். சுமார் 40 மில்லி. பம்ப் முட்டும் இடத்துக்குப் பக்கத்தில் திணறிக்கொண்டிருந்தது என்பதற்கு அந்தக் குறைந்த அளவே சாட்சி.

அளவெடுக்கும் நேரத்தில் வோல்டேஜைக் கவனியுங்கள். இந்தப் பம்பின் பலம் வோல்டேஜைப் பொறுத்தது. சாயங்காலம் பல்பு மங்கும் நேரத்தில் பம்ப் குறைவாகத் தள்ளும், கேஜும் குறைத்துக் காட்டும். அதைப் பார்த்து வைத்தால் மறுநாள் காலை 230 வோல்ட் முழுதாக வரும்போது கணக்கு மாறிவிடும். நீங்கள் வழக்கமாகக் காபி போடும் நேரத்திலேயே அளவெடுங்கள்.

வால்வைத் திருப்பும்போது செய்ய வேண்டியவை

பிளக்கைப் பிடுங்குங்கள், ஆறவிடுங்கள், தொட்டியைக் காலி செய்யுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. மூடிக்கு அடியில் பாய்லரின் ஹீட்டர் முனைகள் திறந்தபடி இருக்கின்றன. வால்வைக் கழற்றினால் குழாயில் மிஞ்சிய தண்ணீர் சொட்டும். பாய்லருக்கு மேல் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

மூடியின் எர்த் வயரை மறக்காதீர்கள். பழைய கிளாசிக்கின் மேல்மூடி பின்பக்கம் இரண்டு ஸ்குரூவில் நிற்கிறது. அவற்றைக் கழற்றி மூடியைத் தூக்கும்போது கூடவே பச்சை மஞ்சள் வயர் ஒன்று வரும். வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள். கழற்ற வேண்டிவந்தால் திரும்ப மாட்டாமல் மூடாதீர்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒரே தகரப் பெட்டிக்குள் இருக்கும்போது, ஒரு கசிவு வந்தால் நம்மைக் காப்பாற்றுவது அந்த வயர்தான்.

ஒரு ஸ்பேனரால் பிடித்து, இன்னொன்றால் திருகுங்கள். பழைய கிளாசிக்கில் ஓபிவி பாய்லருக்கு மேல் நிற்கும் பித்தளைத் துண்டு. அதன் உச்சியில்தான் தொட்டிக்குத் திரும்பும் சிலிக்கான் குழாய் மாட்டியிருக்கும். குழாயை உருவிவிட்டால் கீழே ஒரு அறுகோணத் தலை தெரியும், 17 மில்லிமீட்டர் ஸ்பேனர் உட்காரும். அதைக் கழற்றும்போது வால்வின் உடலை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் பலம் கொடுத்தால் மொத்த வால்வும் சுழன்று பாய்லரில் உள்ள அலுமினிய மரையைத் தின்றுவிடும். பித்தளைக்கு முன் அலுமினியம் மெழுகு மாதிரி. மரை போனால் பாய்லரே போனது.

முதலில் இருந்த இடத்தைக் குறித்துவிட்டுத் திருப்புங்கள். தலையைக் கழற்றினால் உள்ளே நடுவில் துளையுள்ள ஒரு மரையாணி, 5 மில்லிமீட்டர் ஆலன் கீ அதில் இறங்கும். இதுதான் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஆணி. மார்க்கர் பேனாவால் ஆணியிலும் உடலிலும் ஒரே நேரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருப்பினால் ஸ்பிரிங் தளரும், அழுத்தம் குறையும்.

கால் கால் சுற்றாகப் போங்கள், ஒவ்வொரு முறையும் மூடிப் பாருங்கள். ஒரு கால் சுற்று திருப்பி, தலையைப் பூட்டி, குழாயை மாட்டி, மூடியை வைத்து, தொட்டியில் தண்ணீர் ஊற்றி, அதன் பிறகே பிளக்கைச் செருகுங்கள். சலிப்பான வேலைதான். மூடியைத் திறந்து வைத்து, கரண்ட் ஓட, கீழே கேஜைப் பார்த்தபடி மேலே ஆலன் கீயைத் திருப்புகிறவர்கள் உண்டு. அவசரத்தில் அந்த நீளக் கீ ஹீட்டர் முனையில் பட்டால் போதும்.

எங்கள் மெஷினில் முதல் கால் சுற்றில் 13.5 என்பது 12.5 ஆனது. அரைச் சுற்றில் 11.3. முக்கால் சுற்றில் 10.2. அங்கே நிறுத்தி நீடில் வால்வைத் திறந்து ஒழுகவிட்டோம், 9.2 காட்டியது. திரும்பும் தண்ணீர் 30 நொடிக்கு 40 மில்லியாக இருந்தது 105 மில்லியாக ஏறியிருந்தது. பம்பின் சத்தமும் மாறியது, இறுக்கமான உறுமல் போய் ஒரு சீரான ரீங்காரம். பழைய கிளாசிக்கில் முக்கால் சுற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதுதான் வழக்கம். ஆனாலும் எண்ணை நம்புங்கள், சுற்றை நம்பாதீர்கள். உங்கள் ஸ்பிரிங் எத்தனை வருஷம் வேலை செய்தது என்பது கேஜுக்குத்தான் தெரியும்.

செய்யக்கூடாதவை

பாதுகாப்பு வால்வை ஓபிவி என்று நினைத்துத் திருப்பாதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சர் மெஷினிலும் இரட்டை பாய்லர் மெஷினிலும் ஸ்டீம் பாய்லரின் தலையில் ஒரு தனி வால்வு இருக்கும். பிரஷர் குக்கரின் சேஃப்டி வால்வைப் போல, மற்ற எல்லாம் தவறினால் ஆவியை வெளியேற்றிப் பாய்லர் வெடிக்காமல் காப்பது அது. பார்வைக்கு இரண்டும் பித்தளைதான், இரண்டிலும் ஸ்பிரிங்தான். அடையாளம் இதுதான்: ஓபிவி பம்பிலிருந்து வரும் பாதையில் இருக்கும், அதிலிருந்து ஒரு குழாய் தொட்டிக்கோ சொட்டுத் தட்டுக்கோ போகும். ஸ்டீம் பாய்லரின் உச்சியில் ஆவிப் பகுதிக்கு மேல் நிற்பதைத் தொடவே வேண்டாம்.

மெஷின் மாடலைப் பார்க்காமல் ஆலன் கீயைத் தேடாதீர்கள். மேலே சொன்ன வழி பழைய கிளாசிக்குக்கு உரியது. 2019-இல் வந்த கிளாசிக் ப்ரோவில் திருப்பும் ஆணி கிடையாது. அதில் ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டு 9 பார் ஸ்பிரிங் போட வேண்டும். 2023-இல் வந்த ஈவோ ப்ரோ ஒன்பது பாரிலேயே வருகிறது, அதில் உங்களுக்கு வேலை இல்லை. ரான்சிலியோ சில்வியாவில் பூட்டு நட் ஒன்றைத் தளர்த்திவிட்டுத் திருப்பும் அமைப்பு இருக்கிறது, அதன் மிகப் பழைய மாடல்களில் அதுவும் இல்லை. ஆணி இல்லாத வால்வில் நெம்பிப் பார்ப்பவர் கடைசியில் புது வால்வு வாங்குகிறார்.

கேஜை மாட்டிக்கொண்டு பம்பை நிமிஷக் கணக்கில் ஓடவிடாதீர்கள். முள் நிலைக்கப் பத்து நொடி போதும். தண்ணீர் பிடித்துப் பார்க்கத்தான் 30 நொடி. இந்தப் பம்பின் காயில் சூடேறும் ரகம், எவ்வளவு நேரம் ஓட வேண்டும், எவ்வளவு நேரம் ஓய வேண்டும் என்பது அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு அளவுக்கும் இடையில் ஒரு நிமிஷம் விடுங்கள்.

அழுத்தம் இறங்கும் முன் போர்ட்டாஃபில்டரைக் கழற்றாதீர்கள். கிளாசிக்கில் சோலனாய்டு வால்வு இருப்பதால் பம்பை அணைத்ததும் மிச்ச அழுத்தம் சொட்டுத் தட்டில் கொட்டிவிடும். சோலனாய்டு இல்லாத மெஷினில் மூடிய கேஜுக்குப் பின்னால் அழுத்தம் அப்படியே நிற்கும். முள் பூஜ்யத்துக்கு வராமல் கைப்பிடியைத் திருப்பினால் சுடுதண்ணீர் முகத்தில் அடிக்கும். நீடில் வால்வைத் திறந்து இறக்கிவிட்டுக் கழற்றுங்கள்.

திருப்பத் திருப்ப அழுத்தம் இறங்கவில்லை என்றால் மேலும் திருப்பாதீர்கள். ஒரு முழுச் சுற்றுக்குப் பிறகும் முள் அசையவில்லை என்றால் கோளாறு ஸ்பிரிங்கில் இல்லை. அடைப்பு உப்பில் ஒட்டியிருக்கிறது, அல்லது திரும்பும் பாதை எங்கோ அடைபட்டிருக்கிறது. இன்னும் தளர்த்தினால் ஆணி மரையை விட்டு வெளியே வரும். பிறகு ஒரு நாள் ஒட்டு விட்டதும் அழுத்தம் நாலு பாருக்கு விழும், காரணம் புரியாமல் விழிப்பீர்கள். வால்வைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்துவிட்டு முதல் கோட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

குறைந்தது நல்லது என்று ஆறுக்கு ஓடாதீர்கள். ஆறு பாரில் அருமையான காபி எடுப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் கையில் அதற்கேற்ற கிரைண்டரும் கொட்டையும் இருக்கின்றன. ஒன்பதில் ஒரு மாதம் குடித்துப் பழகுங்கள். அதன் பிறகு எட்டுக்கு இறக்கி வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்கலாம். நாக்குக்கு ஒரு ஒப்பீடு வேண்டும்.

இரட்டைச் சுவர் கூடையை வைத்துக்கொண்டு வால்வைக் குறைக்காதீர்கள். அதில் தடையைக் கொடுப்பது பக் அல்ல, அடியில் உள்ள நுண்துளை. கடைத்தூளை அப்படியே போட்டு அந்தக் கூடையில் எடுப்பவருக்கு அழுத்தத்தைக் குறைப்பதால் நுரை குறையுமே தவிர ருசி கூடாது. முதலில் சாதாரணக் கூடைக்கும் ஒரு நல்ல கிரைண்டருக்கும் மாறுங்கள்.

திருப்பிய பிறகு

பழைய அரைப்பிலேயே ஒரு கப் எடுத்துப் பாருங்கள். அழுத்தம் குறைந்தால் காபி மெதுவாக இறங்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். எப்போதும் அப்படி இல்லை. அதிக அழுத்தத்தில் பக் இறுகி அடைத்துக்கொண்டிருந்தால், குறைத்த பிறகு அது கொஞ்சம் தளர்ந்து தண்ணீரை வேகமாகவே விடும். பிளவு விழுந்து அதன் வழியே ஓடிக்கொண்டிருந்தால், பிளவு நின்றதும் நேரம் கூடும். எது நடந்தது என்பதை வைத்தே அரைப்பை மாற்ற வேண்டும். ஒரே நாளில் வால்வு, அரைப்பு, தூளின் எடை மூன்றையும் மாற்றினால் எதனால் எது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்களுக்கு நடந்தது இரண்டாவது. அதே அரைப்பு, அதே 16 கிராம், 18 நொடிக்குப் பதில் 24 நொடியில் 33 கிராம் வந்தது. பீச்சல் இல்லை. கிரைண்டரை ஒரே ஒரு பல் நைசாக வைத்தோம். முன்பு அந்த இடத்தில்தான் சொட்டிச் சொட்டி நின்றுபோய்ப் பிளந்துகொண்டிருந்தது. இப்போது கூடையின் அடி முழுவதும் ஒரே நிறத்தில் நனைந்து, துளிகள் நடுவில் கூடி, ஒற்றைத் திரியாக இறங்கியது. 29 நொடி, 33 கிராம். கடைசி ஐந்து நொடியில்தான் திரி வெளுக்க ஆரம்பித்தது. பக்கைத் தட்டி எடுத்துப் பார்த்தோம், மேலே ஊசித் துளைகள் ஒன்றும் இல்லை. அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதே கொட்டையா அண்ணா?" என்றான்.

ஒரு வாரம் கழித்து மறுபடி கேஜை மாட்டிப் பாருங்கள். புதிதாகத் தளர்த்திய ஸ்பிரிங்கும், உப்புக் கழுவிய அடைப்பும் அரை பார் அளவுக்கு அங்கே இங்கே உட்காரலாம். அவன் மெஷினில் அடுத்த ஞாயிறு பார்த்தபோது மூடிய அழுத்தம் 10.1. அதோடு மூடியின் உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினோம்: தேதி, முக்கால் சுற்று எதிர்த் திசை, முன்பு 13.5, திருப்பியதும் 10.2, திரும்பும் தண்ணீர் 30 நொடிக்கு 105 மில்லி. உங்கள் மெஷினிலும் அப்படி ஒன்றை ஒட்டி வையுங்கள். பம்ப் தேய்ந்து காபி மெலியும் நாளில், பழுது பம்பிலா வால்விலா என்பதை அந்தச் சீட்டை வைத்துத்தான் சொல்ல முடியும்.